மஞ்சள் வரவில்லை, வரக்கூடாத டியூபில் வருகிறது: லாக் ஓபரான் பிழை நீக்கும் வழிமுறை

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த படம் நினைவிருக்கும். லாக்டோஸ் இல்லாதபோது அடக்கிப் புரதம் ஆபரேட்டர்மீது உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கும். லாக்டோஸ் வந்ததும் எழுந்துபோகும், மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜாக்கோபும் மோனோவும் 1961-ல் முன்வைத்த அந்த மாதிரி இன்றும் சரியானதுதான். ஆனால் கல்லூரி லேபில் அதை அளக்கும்போது எண்கள் படத்தின்படி வராமல் போவது அடிக்கடி நடக்கும். அப்போது மாணவர்கள் "கல்ச்சர் சரியில்லை" என்று கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அது மனம் பொறுக்காத விஷயம். தவறான ரீடிங் என்பது சுவிட்சின் எந்த உறுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் தகவல். அதைப் படிக்கும் முறைதான் இங்கே.

முதலில், சரியான ரீடிங் எப்படி இருக்கும்

ஈ.கோலையின் எம்ஜி1655 வகையை எடுத்துக்கொள்வோம். எம்9 மீடியாவில் 0.4% கிளிசரால் சேர்த்து, 37 டிகிரியில் வளர்த்து, நான்கு டியூபாகப் பிரிக்கிறோம். முதலாவதில் வேறு எதுவும் இல்லை. இரண்டாவதில் 0.2% லாக்டோஸ். மூன்றாவதில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி. நான்காவதில் 0.2% லாக்டோஸோடு 0.4% குளுக்கோஸும் உண்டு. ஐபிடிஜி என்பது சுவிட்சைத் திறக்கும் இயற்கைத் தூண்டியைப் போலவே அடக்கியைப் பிடித்து விலக்கும் செயற்கை மூலக்கூறு. பாக்டீரியாவால் அதை உடைத்துத் தின்ன முடியாது. அதனால் அதன் அளவு குறையாது. இந்த ஒரு குணத்தால்தான் பழுது தேட அது நல்ல கருவியாகிறது.

இரண்டு மூன்று தலைமுறை வளர விட்டு, பீட்டா கேலக்டோசிடேஸ் நொதியை மில்லர் முறையில் அளக்கிறோம். செல்களைக் குளோரோஃபார்மும் எஸ்டிஎஸ்ஸும் விட்டுத் துளைத்து, நிறமற்ற ஓஎன்பிஜியைச் சேர்த்தால், நொதி அதை வெட்டும், மஞ்சள் நிறம் வரும். 1 மோலார் சோடியம் கார்பனேட் விட்டு வினையை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுகிறோம்:

```
1000 × (OD420 − 1.75 × OD550) / (t × v × OD600)
```

t என்பது நிமிடம், v என்பது எடுத்த கல்ச்சரின் மில்லிலிட்டர். OD420 மஞ்சளைக் காட்டும், OD600 செல்களின் அடர்த்தியைக் காட்டும், OD550 செல் துகள்களால் வரும் கலங்கலைக் கழிக்க. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஐபிடிஜி டியூபில் OD600 0.5, எடுத்தது 0.1 மில்லி, 12 நிமிடம், OD420 0.63, OD550 0.02 என்று வைத்துக்கொள்வோம். மேலே 595, கீழே 0.6, விடை சுமார் 990 அலகு. முதல் டியூபில் மஞ்சள் அவ்வளவு மெதுவாக வருவதால் 0.5 மில்லி எடுத்து 90 நிமிடம் காத்திருக்க வேண்டும். OD600 அதே 0.5, OD420 0.09, OD550 0.02 என்றால் 55-ஐ 22.5-ஆல் வகுக்கிறோம். விடை 2.4 அலகு.

ஆக, எதிர்பார்ப்பது இதுதான்: முதல் டியூபில் ஓரிரு அலகு, லாக்டோஸில் பல நூறு, ஐபிடிஜியில் ஆயிரத்தை ஒட்டி, குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்த டியூபில் மிகக் குறைவு. முதல் டியூபில் சுழியம் வராது, வரவும் கூடாது. அடக்கி அவ்வப்போது ஆபரேட்டரைவிட்டு நழுவும். அந்த நேரத்தில் உருவாகும் சில நொதி மூலக்கூறுகளும், லாக்டோஸை உள்ளே இழுக்கும் சில பெர்மியேஸ் மூலக்கூறுகளும் இல்லாவிட்டால், பிறகு லாக்டோஸ் வந்தாலும் கதவைத் திறக்க ஆள் இருக்காது. இன்னொன்றும் உண்டு. அடக்கியை விலக்குவது லாக்டோஸ் அல்ல, அல்லோலாக்டோஸ். லாக்டோஸை அப்படி மாற்றுவதும் அதே பீட்டா கேலக்டோசிடேஸ்தான். கசிவு என்று நாம் சொல்வது இந்தச் சுவிட்சின் தேவை.

ஓபரானைக் குற்றம் சொல்லுமுன்

சில நேரம் பழுது அளவையில் இருக்கும். தூண்டி விட்டு 15 நிமிடத்தில் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். இந்த நொதி எளிதில் சிதையாது, செல் வளர்ந்து பிரியப் பிரியத்தான் இறுதி அளவை எட்டும். ஒரு தலைமுறை கழிந்தால் பாதி, இரண்டு கழிந்தால் முக்கால் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிளிசரால் மீடியாவில் ஒரு தலைமுறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும் என்பதையும் மறக்கக்கூடாது.

OD420 ஒன்றைத் தாண்டிவிட்டால் அந்த ரீடிங்கை நம்ப வேண்டாம். குறைவான கல்ச்சரோ குறைவான நிமிடமோ வைத்து மறுபடி செய்யுங்கள்.

மூன்றாவது தவறுதான் ஆளை ஏமாற்றும். குளோரோஃபார்ம் விட மறந்தாலோ, விட்டுச் சரியாகக் கலக்காவிட்டாலோ, ஓஎன்பிஜி செல்லுக்குள் போவதற்குப் பெர்மியேஸையே நம்பியிருக்கும். பெர்மியேஸ் இல்லாத வகையில் உள்ளே நிறைய நொதி இருந்தும் மஞ்சள் சோம்பேறியாக வரும். நீங்கள் "நொதி இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். சந்தேகம் வந்தால் ஒரே கல்ச்சரைத் துளைத்தும் துளைக்காமலும் இரண்டு தடவை அளந்து பாருங்கள். இந்த ஒப்பீடு கீழே ஒரு துப்பாகவே பயன்படப்போகிறது.

அறிகுறி 1: லாக்டோஸ் போடவில்லை, ஆனாலும் மஞ்சள் வருகிறது

எவ்வளவு வருகிறது என்று முதலில் பாருங்கள். 20, 50 அலகு என்றால் ஒரு பக்கம் தேட வேண்டும், 800 என்றால் வேறு பக்கம்.

அளவு சிறிது என்றால் முதல் சந்தேகம் மீடியாமேல். எல்பி மீடியாவின் டிரிப்டோன் பாலின் கேசீனிலிருந்து செய்யப்படுவது. பாலில் லாக்டோஸ் இருக்கும், அதில் கொஞ்சம் தூளோடு வந்துவிடலாம். தொகுதிக்குத் தொகுதி அளவு மாறும். அதனால்தான் போன மாதம் சரியாக இருந்த பரிசோதனை புது டப்பா திறந்ததும் கசிகிறது. அதே செல்களை எம்9 கிளிசராலில் வளர்த்து அளந்தால் கசிவு போய்விடும். போனால் காரணம் தெரிந்துவிட்டது.

எம்9-லும் கசிவு இருந்தால், செல்லுக்குள் பிளாஸ்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு செல்லில் அடக்கி மூலக்கூறுகள் சுமார் பத்துதான். ஒவ்வொன்றும் நான்கு துணை அலகுகள் சேர்ந்தது. பியுசி வகை பிளாஸ்மிட் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு லாக் ஆபரேட்டர். பத்துப் பூட்டை வைத்துக்கொண்டு நானூறு கதவை அடைக்க முடியாது. குரோமோசோமில் உள்ள ஆபரேட்டரும் சேர்ந்து திறந்துகிடக்கும். இதற்குத் தீர்வு லாக்-ஐ-கியூ என்ற மாற்றம் உள்ள வகையைப் பயன்படுத்துவது. அதில் அடக்கியின் புரொமோட்டர் வலுவானது, அடக்கி சுமார் பத்து மடங்கு கூடுதலாக உருவாகும். நூற்றுக்கணக்கான பிரதிகள் இருக்கும்போது அதுகூட முழுதாகப் போதாது, கசிவு குறையும், அவ்வளவுதான்.

அளவு பெரிது, ஐபிடிஜி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே எண் என்றால், சுவிட்சே உடைந்திருக்கிறது. இரண்டு இடம் உடையலாம்: அடக்கியைச் செய்யும் லாக்-ஐ மரபணு, அல்லது அடக்கி உட்காரும் ஆபரேட்டர். இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும். நல்ல அடக்கியை வேறொரு டிஎன்ஏ துண்டில் ஏற்றி செல்லுக்குள் விட்டால் நொதி அடங்குகிறதா?

அடங்கினால் பழுது லாக்-ஐயில். அடக்கி ஒரு புரதம், செல்லுக்குள் நகர்ந்துபோய் எந்த ஆபரேட்டரையும் பிடிக்கும், அது எங்கே உருவானது என்பது பொருட்டல்ல. அடங்காவிட்டால் ஆபரேட்டர் பழுது. ஆபரேட்டர் டிஎன்ஏவின் ஒரு துண்டு, தன்னோடு ஒட்டியிருக்கும் மரபணுக்களை மட்டுமே ஆளும். வெளியிலிருந்து நல்ல ஆபரேட்டரைக் கொண்டுவந்தாலும் இதைச் சீராக்காது. இன்னொரு துப்பும் உண்டு. ஆபரேட்டர் மாற்றங்கள் பலவற்றில் அடக்கியின் பிடி தளர்ந்திருக்குமே தவிர முழுதாகப் போயிருக்காது. அதனால் தூண்டி இல்லாமல் ஓரளவு மஞ்சள், ஐபிடிஜி விட்டால் இன்னும் கூடுதல் என்று வரும். லாக்-ஐ முழுதாகப் போனால் ஆரம்பத்திலேயே உச்சம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல அடக்கியைக் கொண்டுவரும் பிளாஸ்மிடிலோ எஃப் காரணியிலோ கூடவே பீட்டா கேலக்டோசிடேஸைச் செய்யும் நல்ல லாக்-இசட் மரபணுவும் இருந்தால், அதன் நொதியும் சேர்ந்து அளக்கப்படும். லாக்-இசட் இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள்.

இந்தச் சோதனை புதிதல்ல. 1959-ல் பார்டீ, ஜாக்கோப், மோனோ மூவரும் செய்ததன் நெருங்கிய உறவு. நல்ல அடக்கி மரபணுவும் நல்ல நொதி மரபணுவும், இரண்டும் கெட்ட செல்லுக்குள் இணைவு மூலம் நுழைந்தன. தூண்டி எதுவும் இல்லை. நுழைந்த சில நிமிடங்களிலேயே நொதி மளமளவென்று உருவாகத் தொடங்கியது, ஒரு மணி நேரம் கடந்தபின் நின்றுபோனது. அப்போது தூண்டி விட்டால் மறுபடி தொடங்கியது. உள்ளே வந்த மரபணு அடக்கியைச் செய்து சேர்க்க எடுத்த நேரம்தான் அந்த ஒரு மணி நேரச் சொச்சம். தடுப்பது கரைந்து நகரும் ஒரு பொருள் என்று அவர்களுக்கு அங்கே தெரிந்தது. உங்கள் லேபிலும் நல்ல அடக்கியை விட்ட உடனே அளந்து "அடங்கவில்லை" என்று முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே உருவான நொதி சிதையாமல் கிடக்கும். பல தலைமுறை வளர்ந்து அது நீர்த்துப்போகும்வரை பொறுங்கள்.

அறிகுறி 2: லாக்டோஸ் போட்டும் மஞ்சள் வரவில்லை

எங்கள் லேபில் ஒரு மாணவர் குழுவுக்கு நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். கிளிசரால் டியூப் 2 அலகு, லாக்டோஸ் டியூப் 3. இரண்டு பேர் "லாக்-இசட் போய்விட்டது" என்றார்கள், ஒருவர் "மீடியாவில் குளுக்கோஸ் கலந்திருக்கும்" என்றார். இரண்டும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஐபிடிஜி டியூபை அவர்கள் இன்னும் அளக்கவில்லை. அளந்ததும் 900 வந்தது.

இந்த ஓர் எண் பெரும்பாலான சந்தேகங்களைத் துடைத்துவிடுகிறது. 900 வந்தால் நொதி மரபணு நன்றாக இருக்கிறது, புரொமோட்டர் நன்றாக இருக்கிறது, அடக்கி தூண்டியைக் கண்டதும் விலகுகிறது, மரபணுக்களை ஊக்கும் சிஆர்பி புரதமும் வேலை செய்கிறது. லாக்டோஸ் மட்டும் தூண்டியாக மாறவில்லை. ஒன்று, அது உள்ளே வரவில்லை. அல்லது, வந்தும் அல்லோலாக்டோஸ் ஆகவில்லை. நொதி இருப்பதால் இரண்டாவது அடிபடுகிறது. மிச்சம் பெர்மியேஸ். 1 மில்லிமோலார் ஐபிடிஜி பெர்மியேஸ் இல்லாமலும் செல்லுக்குள் கசிந்து போதுமான அளவு சேரும், லாக்டோஸால் அது முடியாது.

குளுக்கோஸ் கலப்பும் இதேபோல லாக்டோஸை வெளியே நிறுத்தும் என்பதால் அதையும் விலக்க வேண்டியிருந்தது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஜிஓடி-பிஓடி கிட்டை மீடியாவில் போட்டோம், நிறம் வரவில்லை. அப்புறம் ஐபிடிஜியில் வளர்ந்த செல்களைத் துளைத்தும் துளைக்காமலும் அளந்தோம். துளைத்ததில் 900, துளைக்காததில் அதில் மிகச் சிறு பங்கு. லாக்டோஸைத் தின்னும் காலனிகள் சிவக்கும் மெக்கான்கி லாக்டோஸ் பிளேட்டில் சிவப்பு வராமல் வெளுத்த காலனிகள். கைமாறி வந்த அந்தக் கல்ச்சர் பெர்மியேஸைச் செய்யும் லாக்-ஒய் மரபணு கெட்டது என்று உறுதியாயிற்று.

ஐபிடிஜியிலும் 2 அலகுதான் என்றால் வழி வேறு. முதலில் அதே செல்களை மெக்கான்கி மால்டோஸ் பிளேட்டில் கீறிப் பாருங்கள். அங்கும் வெளுப்பு என்றால் பழுது லாக் ஓபரானுக்கு வெளியே. பல சர்க்கரைகளின் மரபணுக்களுக்குப் பொதுவான ஊக்கி போயிருக்கிறது: சிஆர்பி புரதம், அல்லது அதோடு சேரும் சைக்ளிக் ஏஎம்பியைச் செய்யும் அடினைலேட் சைக்ளேஸ். மீடியாவில் சைக்ளிக் ஏஎம்பி சேர்த்துப் பார்த்தால் பிரிந்துவிடும். செல் தேறினால் சைக்ளேஸ் பழுது, தேறாவிட்டால் சிஆர்பி.

மால்டோஸில் சிவப்பு என்றால் பழுது லாக்கிலேயே. நல்ல லாக் ஓபரான் முழுதாக உள்ள துண்டை உள்ளே விட்டு ஐபிடிஜி கொடுங்கள். அதிலிருந்து நொதி வந்தால், பழைய ஓபரானின் லாக்-இசட்டோ புரொமோட்டரோ கெட்டது. குளோனிங்குக்கு எல்லோரும் வைத்திருக்கும் டிஎச்5 ஆல்ஃபாவில் லாக்-இசட்டின் முன்பகுதி வேண்டுமென்றே வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிளாஸ்மிட் இல்லாமல் அதில் மஞ்சள் தேடுவது வீண். புதிதாக வந்த நல்ல ஓபரானும் அடங்கியே கிடந்தால், செல்லில் இருப்பது விடாப்பிடி அடக்கி. ஆபரேட்டரைப் பிடிக்கத் தெரியும், தூண்டியைப் பிடிக்கத் தெரியாது. எந்த ஆபரேட்டர் வந்தாலும் போய் உட்கார்ந்துவிடும்.

அறிகுறி 3: நன்றாக வளர்ந்துகொண்டிருந்த கல்ச்சர் நடுவில் நின்றுவிட்டது

லிட்டருக்கு 0.5 கிராம் குளுக்கோஸும் 1.5 கிராம் லாக்டோஸும் ஒன்றாகக் கொடுத்தீர்களா? அப்படியானால் இது பழுதல்ல. குளுக்கோஸ் தீர்ந்திருக்கிறது, செல் லாக்டோஸுக்குத் தயாராகிறது. மோனோ தம் ஆய்வேட்டில் விவரித்த இரட்டை வளர்ச்சி இது. உறுதிசெய்ய, குளுக்கோஸை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நிற்கும் இடத்தின் OD600-உம் ஏறக்குறைய இரட்டிப்பானால் நீங்கள் பார்ப்பது அதையேதான்.

எதனால் நிற்கிறது என்பதில் பாடப்புத்தகங்கள் பாதி விடை தருகின்றன. குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி குறையும், அதனால் சிஆர்பி ஊக்காது என்பார்கள். அது உண்மை, ஆனால் பெரிய காரணம் வேறு. குளுக்கோஸ் உள்ளே வரும்போது, அதைக் கடத்தும் அமைப்பின் ஒரு புரதம் பாஸ்பேட்டை இழந்து நேராகப் பெர்மியேஸைப் பிடித்து அடைக்கிறது. லாக்டோஸ் உள்ளேயே வராது, அடக்கி விலகாது. ஜப்பானில் ஐபாவின் குழு 1990-களில் இதைச் சோதித்தது. அடக்கி இல்லாத வகையிலும், ஐபிடிஜி கொடுத்த கல்ச்சரிலும் அந்த இடைநிறுத்தமே காணாமல் போனது. குளுக்கோஸில் வளரும்போதும் லாக்டோஸில் வளரும்போதும் சைக்ளிக் ஏஎம்பி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் இடைநிறுத்தம் வர வேண்டிய இடத்தில் வராவிட்டால், மேலே அறிகுறி 1-ல் சொன்னபடி லாக்-ஐயைச் சந்தேகியுங்கள், அல்லது முந்தைய நாள் கல்ச்சரை லாக்டோஸில் வளர்த்தீர்களா என்று நோட்டைப் புரட்டுங்கள். நின்ற கல்ச்சர் இரண்டு மூன்று மணி நேரமாகியும் எழவில்லை என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

அறிகுறி 4: குறைந்த தூண்டியில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண்

1 மில்லிமோலாரில் எல்லாம் ஒழுங்கு. தூண்டியைப் பல மடங்கு குறைத்தால் இன்று 80, நாளை 400. பிப்பெட்டைப் பழிக்க வேண்டாம். இங்கே மில்லர் அலகு ஒரு சராசரி, அந்தச் சராசரி போன்ற செல் எதுவும் டியூபில் இல்லாமலிருக்கலாம். நோவிக்கும் வைனரும் 1957-ல் டிஎம்ஜி என்ற உடையாத தூண்டியை வைத்து இதைக் காட்டினார்கள். பெர்மியேஸ் கொஞ்சம் இருந்தால் தூண்டி உள்ளே வரும், வந்தால் பெர்மியேஸ் இன்னும் உருவாகும். இந்தச் சுழலில் ஏறிய செல் முழுதாகத் திறந்துவிடும், ஏறாத செல் மூடியே கிடக்கும். 400 அலகு என்பது பத்தில் நான்கு செல் திறந்திருப்பதாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க, ஒரே செல்வகையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை முதல்நாள் 1 மில்லிமோலார் தூண்டியிலும் இன்னொன்றைத் தூண்டி இல்லாமலும் வளருங்கள். மறுநாள் இரண்டையும் நன்றாகக் கழுவி, ஒரே குறைந்த அளவு தூண்டிக்கு மாற்றிப் பல தலைமுறை வளருங்கள். எண்கள் சேராமல் தனித்தனியாகவே நின்றால், செல்கள் நேற்றைய நிலையைச் சுமந்துகொண்டிருக்கின்றன. ஏற்கெனவே திறந்த செல் பிரியும்போது பெர்மியேஸை இரு மகள் செல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, அந்தப் பங்கே சுழலைத் தொடரப் போதுமானதாகிறது. லாக்டோஸை வைத்து இதைப் பார்ப்பது கடினம், ஏனென்றால் திறந்த செல் அதைத் தின்றே குறைத்துவிடும்.

குறைந்த அளவுகளில் சீரான, படிப்படியான ஏற்றம்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், அறிகுறி 2-ல் சிக்கிய லாக்-ஒய் கெட்ட வகையைத் தூக்கிப் போடாமல் உறைபெட்டியில் வைத்திருங்கள். பெர்மியேஸ் இல்லாததால் அதில் சுழல் கிடையாது. தூண்டி கசிந்து உள்ளே வரும் அளவுக்கு ஏற்ப எல்லாச் செல்களும் ஒன்றுபோலத் திறக்கும். எங்கள் மாணவர்கள் அன்று கொட்டப் போன கல்ச்சர் இப்போது அந்த வேலைக்குத்தான் பயன்படுகிறது.